இரண்டு எசமானர்களும் ஒரு பெட்டியும்

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் சிறிய அச்சகமொன்றை நடத்திவரும் நண்பரொருவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். புதிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்குவதற்காக வங்கியொன்றில் கடனுக்கு விண்ணப்பித்திருந்த அவரிடம், நிறுவனத்தின் ஒழுங்கமைப்பு வரைபடத்தையும் இணைத்துத் தருமாறு வங்கியில் கேட்டிருக்கிறார்கள். "பதின்மூன்று பேர் வேலை செய்யும் இடத்துக்கு வரைபடம் எதற்கு? நீங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டவர்தானே, அரை மணித்தியாலத்தில் கீறித் தாருங்கள்" என்றார். நானும் அவ்வாறே எண்ணி ஒப்புக்கொண்டேன். அந்த அரை மணித்தியாலம் மூன்று நாட்களாக நீண்டது. அதற்கான காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சகத்தை நடத்துபவர்கள் இரு சகோதரர்கள். என்னை அழைத்த நண்பரான மூத்தவர் விற்பனையையும் நிதியையும் பார்க்கிறார். இளையவரின் பொறுப்பு அச்சு வேலைகள். இருவரும் சம பங்காளர்கள். இவர்களுக்குக் கீழே "விற்பனை மற்றும் வாடிக்கையாளர் தொடர்பு முகாமையாளர்" ஒருவர், "கணக்குகள் மற்றும் கொள்வனவு உத்தியோகத்தர்" ஒருவர், "அச்சு உற்பத்தி மேற்பார்வையாளர்" ஒருவர். விற்பனைப் பகுதியில் ஒரு பிரதிநிதியும், பொருள் விநியோகத்தையும் காரியாலய அலுவல்களையும் கவனிக்கும் சாரதியொருவரும் இருக்கிறார்கள். உற்பத்திப் பகுதியில் "கணினி வடிவமைப்பு மற்றும் அச்சு முன்னாயத்த உத்தியோகத்தர்" ஒருவர், இயந்திர இயக்குநர்கள் மூவர், நூல் கட்டுபவர்கள் இருவர். ஆகமொத்தம் பதின்மூன்று பேர்.

நண்பரின் மகன் கணினியில் `SmartArt` என்னும் வசதியைக் கொண்டு முதற்படியை முன்னரே வரைந்து வைத்திருந்தான். பார்த்தவுடன் அதில் இரண்டு குறைகள் தெரிந்தன. எழுத்துக்கள் பூதக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாதபடி சிறுத்திருந்தன என்பது ஒன்று. கணக்கு உத்தியோகத்தரான பெண்மணி மூத்தவருக்குக் கீழே மாத்திரம் காட்டப்பட்டிருந்தார் என்பது மற்றையது. அவர் இருவருக்கும் பதில் சொல்பவர் அல்லவா என்று கேட்டேன். "இது ஒரு பெட்டிக்கு ஒரு மேலதிகாரியைத்தான் ஏற்கும் அங்கிள்" என்றான் பையன். மென்பொருளின் வசதிக்காக ஒரு மனிதரின் நிலைமையை மாற்றி எழுதியாகிவிட்டது.

கடைசி வரிசையின் எட்டுப் பெட்டிகள்

எழுத்து ஏன் சிறுத்தது என்பதை முதலில் பார்ப்போம். அந்த வசதி எல்லாப் பெட்டிகளையும் ஒரே அளவில் வைத்துக்கொண்டு, மிக நீண்ட பெயர் அடங்கும்வரை எழுத்தைக் குறைக்கிறது. அத்துடன் ஒத்த பெட்டிகள் யாவற்றிலும் எழுத்தை அதே அளவுக்கு இறக்கிவிடுகிறது. ஒருவரின் பதவிப் பெயர் நீண்டதற்காகச் சாரதியின் பெயரும் சிறுத்துப் போகிறது.

கணக்கு மிக எளிது. ஏ4 தாளைக் கிடையாக வைத்தால் அகலம் 297 மில்லிமீற்றர். இரு பக்கமும் 15 மில்லிமீற்றர் ஓரம் விட்டால் மிஞ்சுவது 267. கடைசி வரிசையில் பிரதிநிதி, சாரதி, வடிவமைப்பாளர், இயக்குநர்கள் மூவர், நூல் கட்டுபவர்கள் இருவர் என எட்டுப் பேரையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, நடுவில் 5 மில்லிமீற்றர் இடைவெளியும் விட்டால் ஒரு பெட்டிக்குக் கிடைப்பது 29 மில்லிமீற்றர். உள்ளே இரு புறமும் ஓரம் விட்டால் எழுத்துக்கு 25 தான். நான் பயன்படுத்திய எழுத்துருவில், 10 புள்ளி அளவில், "முகாமையாளர்" என்னும் ஒற்றைச் சொல்லே ஏறக்குறைய 23 மில்லிமீற்றரைப் பிடித்துக்கொள்கிறது. "உத்தியோகத்தர்" அதையும் தாண்டுகிறது. "மேற்பார்வையாளர்" என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. கணினியோ அவற்றை எங்கே முறிப்பதென்று அறியாது. ஆகவே, இறுதி "ர்" மாத்திரம் தனியே அடுத்த வரியில் விழுந்து கிடக்கும்.

பலர் செய்வதுபோல் பதவிப் பெயரைச் சுருக்கி முதலெழுத்துக்களாக எழுதுவது தமிழுக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்ட பதவிச் சுருக்கங்களைப் போன்றவை தமிழில் மிகக் குறைவு. வாசிப்பவருக்கு அவை விடுகதையாகவே இருக்கும். எழுத்தைச் சிறிதாக்குவதும் தீர்வல்ல. ஏனெனில் தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. எட்டுப் புள்ளிக்குக் கீழே போய், அதைப் போட்டோப் பிரதியும் எடுத்துவிட்டால் "ரி" எது "ரீ" எது என்று தெரியாது.

தீர்வு வேறிடத்தில் இருந்தது. கடைசி மட்டத்தில் உள்ளவர்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தாமல், அவரவர் மேற்பார்வையாளருக்குக் கீழே நிரலாக, ஒருவருக்குக் கீழ் ஒருவராகத் தொங்கவிட வேண்டும். ஒரே வேலையைச் செய்யும் மூவருக்கு மூன்று பெட்டிகள் தேவையில்லை. "இயந்திர இயக்குநர்கள் – 3" என்று ஒரு பெட்டி போதும். நூல் கட்டுபவர்களுக்கும் அவ்வாறே. இப்படிச் செய்தவுடன் வரைபடத்தின் மிக அகன்ற வரிசை எட்டுப் பெட்டிகளிலிருந்து மூன்றாகக் குறைந்தது. பெட்டியொன்றுக்கு 60 மில்லிமீற்றர் கொடுத்த பின்னரும் நடுவே நாற்பதுக்கு மேற்பட்ட மில்லிமீற்றர் இடைவெளி இரண்டு கிடைத்தன. அந்த வெற்றிடம் வீணல்ல. பின்னர் கோடுகள் ஓடுவதற்கு அதுவே வீதியாயிற்று.

எழுத்தை 11 புள்ளிக்கு உயர்த்தினேன். பெட்டிகளின் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும், உயரம் மாறலாம் என்பது நான் கடைப்பிடித்த விதி. நீண்ட பெயரைக் கணினி முறிக்கும்வரை காத்திராமல் பொருள் முறியும் இடத்தில் நானே முறித்தேன். "விற்பனை மற்றும்" என்பது முதல் வரி, "வாடிக்கையாளர் தொடர்பு" என்பது இரண்டாவது வரி, "முகாமையாளர்" என்பது மூன்றாவது வரி. பதவியைக் குறிக்கும் இறுதிச் சொல் தனி வரியில் நின்றால், வாசிப்பவரின் கண் எல்லாப் பெட்டிகளிலும் அதையே முதலில் தேடிக் கண்டுகொள்ளும்.

"மற்றும்" சொல்லும் கதை

இவ்வாறு வரி வரியாக முறிக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இந்த அச்சகத்தின் மூன்று நீண்ட பதவிப் பெயர்களிலும் நடுவில் "மற்றும்" இருக்கிறது. அவற்றுள் இரண்டுக்கு உரியவர்கள் இரு எசமானர்களுக்குப் பதில் சொல்பவர்கள். கணக்குப் பகுதி மூத்த சகோதரருக்குரியது, கடதாசியும் மையும் வாங்கும் கொள்வனவுப் பகுதியோ இளையவருக்குரியது. அவ்வாறே, வடிவமைப்பை எதிர்பார்த்திருப்பவர் விற்பனை முகாமையாளர், அச்சு முன்னாயத்தத்தை எதிர்பார்த்திருப்பவர் உற்பத்தி மேற்பார்வையாளர். நீண்ட பதவிப் பெயரையும் இரட்டை அதிகாரத்தையும் இரு வேறு சிக்கல்களாக எண்ணி அமர்ந்த எனக்கு, இரண்டும் ஒன்றே என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஒரு நாற்காலியில் இரண்டு வேலைகளை வைத்திருக்கிறார்கள். பெயர் நீண்டது அதனால்தான். தலைக்கு மேல் இரண்டு கோடுகள் வருவதும் அதனால்தான்.

மூன்றாவது பெயரான விற்பனை முகாமையாளரின் பெயரில் உள்ள "மற்றும்" வெறும் அலங்காரம். அவருக்கு மேலே இருப்பவர் மூத்த சகோதரர் மாத்திரமே. "விற்பனை முகாமையாளர்" என்று சுருக்கிவிடலாமே என்றேன். நண்பர் மறுத்தார். சில ஆண்டுகளுக்கு முன்னர் சம்பள உயர்வு கொடுக்க முடியாத ஒரு வேளையில் அந்தப் பெயரைத்தான் கொடுத்தாராம். அதற்குப் பின்னர் நான் அந்தப் பெயரைத் தொடவில்லை. பதவிப் பெயர் அதற்கு உரியவரின் சொத்து. இடம் போதவில்லையென்றால் பெட்டியைத்தான் பெரிதாக்க வேண்டும்.

இரட்டை அதிகாரம் புதிய பிரச்சினையல்ல. அறியப்பட்ட முதலாவது ஒழுங்கமைப்பு வரைபடமாகப் பொதுவாகக் கருதப்படுவது அமெரிக்காவில் நியூயோர்க் அன்ட் ஈரி ரெயில்வேக்காக டானியல் மக்கலம் என்பவர் 1855ஆம் ஆண்டில் தயாரிப்பித்ததாகும். ஒரு மரத்தைப் போன்று வரையப்பட்ட அதில் பணிப்பாளர் சபை அடியில் இருக்கிறது, கிளைகள் மேல்நோக்கி விரிகின்றன. நடுவிலுள்ளவரைத் தாண்டி மேலதிகாரியொருவர் கீழுள்ளவருக்கு நேரடியாகக் கட்டளையிடக் கூடாதென்பதில் மக்கலம் உறுதியாக இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெட்றிக் ரெயிலர், தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் வெவ்வேறு விடயங்களுக்கு வெவ்வேறாக எட்டு மேற்பார்வையாளர்களின் கீழ் வேலை செய்யலாம் என்றார். பிரான்சில் சுரங்க நிறுவனமொன்றை நெடுங்காலம் நிர்வகித்த ஹென்றி பயோல், 1916இல் வெளியான தமது நூலில் அதை மறுத்து, ஒருவருக்குக் கட்டளையிடுபவர் ஒருவராகவே இருக்க வேண்டுமென வலியுறுத்தினார். கொள்கையளவில் பயோல் சொன்னதே சரியென்பது என் எண்ணம். எனினும் பதின்மூன்று பேருள்ள இடத்தில் கணக்குக்கு ஒருவரையும் கொள்வனவுக்கு ஒருவரையும் தனித்தனியே வைக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே, இரட்டை அதிகாரத்தை ஒழிக்க முடியாத இடத்தில் அதை நேர்மையாக வரைவது எவ்வாறு என்பதே கேள்வி.

ஒரு பழைய நினைவு

இதை எழுதும்போது, பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் இளம் உதவி ஆசிரியனாக இருந்த ஒரு பத்திரிகைக் காரியாலயம் நினைவுக்கு வருகிறது. அங்கே பக்கம் அமைப்பவர் ஒருவர் இருந்தார். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கிய வரைபடத்தில் அவரது பெட்டிக்கு மேலே ஒரே தடிப்பான இரண்டு கோடுகள் வந்து இறங்கின. ஒன்று செய்தி ஆசிரியரிடமிருந்து, மற்றையது விளம்பர முகாமையாளரிடமிருந்து. ஓரிரவு மிகவும் பிந்தி அரைப் பக்க விளம்பரமொன்று வந்து சேர்ந்தது. அதைப் போட்டேயாக வேண்டும் என்றார் ஒருவர். செய்தியில் ஒரு வரியைக்கூட எடுக்கக் கூடாதென்றார் மற்றவர். இருவரும் அவரிடம்தான் சொன்னார்களேயன்றித் தமக்குள் பேசிக்கொள்ளவில்லை. விளம்பரம் ஏறியது. முதற்பக்கச் செய்தியொன்றின் தொடர்ச்சி விடுபட்டுப் பத்திரிகை வெளிவந்தது.

மறுநாட் காலையில் விளக்கம் கோரும் கடிதம் பக்கம் அமைப்பவருக்கே கொடுக்கப்பட்டது. அதில் அந்த இருவருமே கையொப்பமிட்டிருந்தார்கள். முந்திய இரவு நடந்ததை நேரில் கண்டவர்களில் நானும் ஒருவன். வாய் திறக்கவில்லை. சமமான இரு கோடுகளை ஒருவரின் தலையில் இறக்கினால், அவை முட்டிக்கொள்ளும் வேளையில் நசிபடுபவர் நடுவில் நிற்பவரே என்பதை அன்றுதான் கண்டேன்.

தொடர்கோடும் புள்ளிக்கோடும்

அதனால் அச்சகத்துக்கு வரைந்தபோது ஒரு விதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பெட்டிக்குத் தொடர்கோடு ஒன்றே வர வேண்டும். லீவுக்குக் கையொப்பமிடுபவர், சம்பளத்தைத் தீர்மானிப்பவர், இரு வேலைகள் மோதும்போது எது முதலில் என்று சொல்பவர் எவரோ, அவரிடமிருந்து வருவதே தொடர்கோடு. குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மாத்திரம் பணிப்புரை தருபவரிடமிருந்து வருவது புள்ளிக்கோடு. எந்த வேலைக்கென்று அப்புள்ளிக்கோட்டின் மேல் ஒரு சொல்லில் எழுத வேண்டும். பெயரற்ற புள்ளிக்கோடு எதையும் சொல்லாது.

இதன்படி கணக்கு உத்தியோகத்தருக்கு மூத்தவரிடமிருந்து தொடர்கோடு, இளையவரிடமிருந்து "கொள்வனவு" என்று எழுதிய புள்ளிக்கோடு. வடிவமைப்பாளருக்கு உற்பத்தி மேற்பார்வையாளரிடமிருந்து தொடர்கோடு, விற்பனை முகாமையாளரிடமிருந்து "வடிவமைப்பு" என்று எழுதிய புள்ளிக்கோடு.

கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் இருப்பது பெட்டிகளின் ஒழுங்கில் தங்கியுள்ளது. பகிரப்படுபவரை அவரைப் பகிர்ந்துகொள்ளும் இருவருக்கும் நடுவில் வைக்க வேண்டும். இரண்டாம் வரிசையில் இடமிருந்து வலமாக விற்பனை, கணக்கு, உற்பத்தி என்று வைத்தேன். விற்பனைக்கும் கணக்குக்கும் நடுவே மேலே மூத்தவர், உற்பத்திக்கு நேர்மேலே இளையவர். சமமானவர்கள் ஆதலால் இருவரையும் ஒரே மட்டத்தில் வைத்து ஒரு கிடைக்கோட்டால் இணைத்தேன். இளையவரின் புள்ளிக்கோடு இடைவெளி வழியே இறங்கிக் கணக்குப் பெட்டியின் வலப்பக்கத்தைத் தொடுகிறது. தொடர்கோடோ பெட்டியின் தலையில் வந்து சேருகிறது. இரண்டும் ஒரே பக்கத்தால் நுழையாதபடியால் மயக்கமில்லை.

வடிவமைப்பாளர் விடயத்தில் ஒருமுறை தவறிவிட்டேன். உற்பத்திப் பகுதியின் நிரலை வழமைபோல் இடப்புறத் தண்டில் தொங்கவிட்டேன். விற்பனையிலிருந்து வரும் புள்ளிக்கோடு அந்தத் தண்டை வெட்டாமல் உள்ளே வர முடியவில்லை. தண்டை வலப்புறத்துக்கு மாற்றியதும் இடப்புறம் திறந்துகொண்டது. அவரை நிரலின் உச்சியில் வைத்தேன். கணக்குப் பகுதிக்குக் கீழே எவரும் இல்லாதபடியால், விற்பனைப் பெட்டியின் வலப்பக்கத்தால் வெளியேறும் புள்ளிக்கோடு இடைவெளியில் இறங்கி, கணக்குப் பெட்டிக்கு அடியால் தடையின்றி அவரிடம் போய்ச் சேர்ந்தது.

எஞ்சியவர் சாரதி. அவரை எல்லோருமே ஏவுகிறார்கள் என்பதால் ஐந்து புள்ளிக்கோடுகள் போட வேண்டுமென்று இளையவர் சொன்னார். நான் மறுத்தேன். வேலை கேட்பது வேறு, பதில் சொல்லப்படுவதற்கு உரியவராய் இருப்பது வேறு. தேநீர் வாங்கிவரச் சொல்பவரெல்லாம் மேலதிகாரியாகிவிட முடியாது. விற்பனை முகாமையாளரிடமிருந்து தொடர்கோடு ஒன்றே அவருக்குப் போதும். ஒருவருக்கு இரண்டு புள்ளிக்கோடுகளுக்கு மேல் உண்மையாகவே தேவைப்படுமானால், அது வரைபடத்தால் தீரும் காரியமல்ல. அங்கே இன்னொருவரை வேலைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது.

`SmartArt` படத்தின் மேல் கோடுகளைத் தனியாகக் கீறினால் அவை பெட்டிகளுடன் ஒட்டிக்கொள்ளா, படத்தை அசைத்தால் கோடுகள் பழைய இடத்திலேயே நிற்கும். எனவே பையன் அதனை `Convert to Shapes` மூலம் சாதாரணப் பெட்டிகளாக மாற்றி, பெட்டிகளோடு ஒட்டும் இணைப்புக் கோடுகளைப் பயன்படுத்தினான். நிற வேறுபாட்டை நம்ப வேண்டாமென்றும் சொன்னேன். சிவப்புக் கோடும் நீலக் கோடும் கறுப்பு வெள்ளைப் பிரதியில் ஒன்றாகிவிடும். தொடர்கோடும் புள்ளிக்கோடும் எந்தப் பிரதியிலும் வேறாகவே தெரியும். அடியில் திகதியையும் இட்டோம். திகதியில்லாத வரைபடம் விலகிச் சென்றவரையும் வேலையில் வைத்திருக்கும்.

கோட்டுக்குப் பின்னால்

இவ்வளவையும் மூன்று நாட்களில் முடித்தோமென்றால், அதில் இரண்டு நாட்கள் ஒரேயொரு கோட்டுக்காகக் கழிந்தவை. கணக்கு உத்தியோகத்தருக்குத் தொடர்கோடு எவரிடமிருந்து வர வேண்டும் என்பதில் சகோதரர்கள் உடன்படவில்லை. இருவரிடமிருந்தும் தொடர்கோடு போட்டால் என்னவென்று கேட்டார்கள். அந்தப் பெண்மணியை அழைத்து அவரிடமே கேட்குமாறு சொன்னேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாத இறுதியில் பணத்தை வெளியே விட வேண்டாமென்று மூத்தவர் சொல்வாராம். அதே நாளில் கடதாசிக்குக் காசு கட்டுமாறு இளையவர் சொல்வாராம். கட்டினால் ஒருவரிடம் ஏச்சு, கட்டாவிட்டால் மற்றவரிடம் ஏச்சு. வேலையை விட்டு விலகுவதற்கான கடிதம் எழுதி இரண்டு கிழமைகளாகக் கைப்பையில் இருக்கிறதென்றும் சொன்னார். "சம்பளம் கூட்டச் சொல்லிக் கேக்கேல்லை ஐயா. ரெண்டு பேரும் ரெண்டு மாதிரிச் சொன்னா நான் ஆருக்குப் பதில் சொல்லுறதெண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

சகோதரர்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் தொடர்கோடு மூத்தவரிடமிருந்து என்று இளையவரே ஒப்புக்கொண்டார். பதிலுக்கு ஓர் ஒழுங்கை எழுத்தில் கேட்டார். குறிப்பிட்ட தொகை வரையிலான கடதாசி, மை கொள்வனவுகளுக்கு இளையவரின் ஒப்புதல் மாத்திரம் போதும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு இருவரின் கையொப்பமும் தேவை, அதைப் பெறுவது சகோதரர்களின் பொறுப்பேயன்றி அந்தப் பெண்மணியின் பொறுப்பல்ல. இரண்டு வரிகளில் அதனை எழுதி வரைபடத்தின் அடியில் சேர்த்தோம். வங்கி அதைக் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் உள்ளவற்றுள் மிகப் பயனுள்ளது அந்த இரண்டு வரிகளே என்பேன்.

சிறு நிறுவனம் நடத்தும் வாசகர்கள் தமது வரைபடம் சரியா என்று அறிய ஒரு வழியுண்டு. அதை ஊழியர்களிடம் காட்டுவதற்கு முன்னர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நாளைக்கு வர முடியாவிட்டால் யாரிடம் சொல்வீர்கள்? இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை தந்தால் எது முதலென்று யாரிடம் கேட்பீர்கள்? இரண்டுக்கும் வரும் பதில் தொடர்கோட்டின் மறுமுனையில் உள்ளவராக இருந்தால் வரைபடம் உண்மை. முதற் கேள்விக்கு ஒருவரையும் இரண்டாவதற்கு வேறொருவரையும் சொன்னால் கோடு தவறான இடத்தில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு மௌனமே பதிலாக வருமானால், நீங்கள் திருத்த வேண்டியது படத்தையல்ல.

கடிதம் இன்னமும் கைப்பையில் இருக்கிறதா என்று அண்மையில் நண்பரிடம் கேட்டேன். தெரியாது என்றார். ஆனால் கடந்த மாத இறுதியில் கடதாசிக்குக் காசு கட்டும் விடயமாகத் தம்பி நேரே தன்னிடம் வந்து சண்டை பிடித்ததாகக் குறைப்பட்டுக்கொண்டார். நல்லது என்றேன். சண்டை உரிய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.